கடைசி வினையிலிருந்து தொடங்குங்கள்: குறும்பட அசைன்மென்டுக்கு லாக்லைன் எழுதும் முறை

போன மாதம் ஒரு மாலை, பென்னாகரம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தர்மபுரி வந்து விஸ்காம் படிக்கும் மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். மறுநாள் அசைன்மென்ட் படிவம் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடக் குறும்படம். தலைப்பு, கால அளவு எல்லாம் நிரப்பிவிட்டாள். 'லாக்லைன், ஒரே வாக்கியத்தில்' என்ற கட்டம் மட்டும் காலி. தனித் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்:

"தர்மபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் மக்கள் எப்படிப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றிய விழிப்புணர்வுப் படம்."

"ஒரே வாக்கியம்தாண்ணா, ஆனா மேம் இது லாக்லைனே இல்லன்னுட்டாங்க" என்றாள்.

மேம் சொன்னது சரி. அன்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பினோம். எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதல் குறும்படம் எடுக்கப்போகிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணமே போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

லாக்லைன் என்பது யார், என்ன செய்யப் பார்க்கிறார், எது தடுக்கிறது என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது. போஸ்டரில் போடும் கவர்ச்சி வரி வேறு, கதைச் சுருக்கம் வேறு. 'தண்ணீர்தான் உயிர்' என்பது போன்ற கருத்தும் லாக்லைன் ஆகாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். யார், எங்கே, எப்போது, எதனால் என்று எவ்வளவு சொன்னாலும், அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது முற்றுப்புள்ளிக்கு முந்தைய சொல்லில்தான் தெரியும். அதனால் யார் லாக்லைனைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் கடைசிச் சொல்லை.

அந்த மாணவியின் வாக்கியத்தில் கடைசிச் சொல் 'படம்'. அது பெயர்ச்சொல். இப்படி 'கதை', 'போராட்டம்', 'பயணம்', 'வலி' என்று முடியும் வாக்கியங்கள் நிறைய வரும். இவை எல்லாம் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைக்கின்றன, அவ்வளவுதான். உள்ளே யாரும் எதையும் செய்யவில்லை. இன்னொரு வகை, 'இறுதியில் என்ன ஆனது என்பதே மீதிக் கதை' என்று முடிவது. பத்திரிகை விமர்சனங்களில் படித்துப் படித்து நம் கையில் ஒட்டிக்கொண்ட வரி அது. கதையில் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பார்த்த உடனே அடித்துவிடுங்கள்.

விஷயத்தை விட்டு ஆட்களுக்கு வாருங்கள்

'ஃப்ளோரைடு' ஒரு விஷயம். விஷயத்தைக் கேமராவால் படம் பிடிக்க முடியாது, அந்த விஷயத்தோடு அன்றாடம் புழங்கும் ஆளைத்தான் பிடிக்க முடியும். அதனால் அடுத்த வேலை, அந்த விஷயம் கைபடும் ஆட்களைப் பட்டியல் போடுவது. 'பாதிக்கப்பட்டவர்கள்' என்று மட்டும் போடாதீர்கள். அதனால் சம்பாதிப்பவர், அதை மறைப்பவர், அதைப் பார்த்தும் பேசாமல் போகிறவர், எல்லாரையும் எழுதுங்கள். பத்துப் பேர் வரும்வரை நிறுத்த வேண்டாம். முதல் மூன்று நான்கு பேர் எல்லாருக்கும் தோன்றுகிறவர்கள், நல்ல ஆள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருவார்.

அவள் எழுதினாள்: பல் டாக்டர், டீச்சர், கலெக்டர், ஊராட்சி டேங்க் ஆபரேட்டர், கேன் தண்ணீர் போடுகிற அண்ணன், கறைப் பல்லோடு இருக்கும் காலேஜ் பெண், அவளுடைய பாட்டி. அதற்கு மேல் ஓடவில்லை. "கறை பல்லுன்னால யாருக்கு வேலை கூடுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஸ்டுடியோ அண்ணனுக்கு. எங்க பெரியப்பா பொண்ணுக்கு வரன் பார்க்க ஃபோட்டோ எடுத்தப்ப, அவரா பல்லை வெள்ளையாக்கிக் குடுத்துட்டாரு. கேக்கவே இல்ல. எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணுவாராம்."

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறையில் தங்கியிருக்கும்போது அதிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால், நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதிலேயே எனாமல் கெட்டு, முளைத்த பிறகு வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கறையாகவோ தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்து காவிரித் தண்ணீர் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்களின் பற்களைத் தண்ணீர் மாறியதால் மாற்ற முடியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கதையின் எல்லையை இந்த உண்மைதான் போடுகிறது. 'நல்ல தண்ணீர் வந்தது, அவள் சிரித்தாள்' என்று முடிக்க வழியில்லை. கறை போகாது. போகாத ஒன்றைப் படத்தில் மட்டும் போக்கிக் காட்டுகிறவர் அந்த ஸ்டுடியோக்காரர். அவர் சொந்த லாபத்துக்காக ஏமாற்றுகிறார் என்றும் சொல்லிவிட முடியாது, அந்தப் பெண்களுக்கு நல்லது நினைத்துத்தான் செய்கிறார். தன் வேலையைத் தானே இரண்டு விதமாகப் பார்க்க முடிகிற ஆள் கிடைத்துவிட்டால், அவரை விடாதீர்கள்.

வேண்டியதும் தடுப்பதும்

அடுத்து அவள் எழுதியது இது:

"பல்லில் கறை இருப்பதால் திருமணம் தள்ளிப்போகும் ஒரு பெண்ணின் வலியை உணர்த்தும் கதை."

ஸ்டுடியோக்காரரைக் கண்டுபிடித்த பிறகும் கை பழைய இடத்துக்கே போய்விட்டது. எல்லாருக்கும் இது நடக்கும், பயப்பட வேண்டாம். இந்த வாக்கியத்தில் அந்தப் பெண் எதையும் செய்யவில்லை, அவளுக்கு எல்லாம் நடக்கிறது. 'தள்ளிப்போகும்' என்ற வினை திருமணத்தினுடையது, 'உணர்த்தும்' என்ற வினை படம் எடுக்கிறவருடையது. யாருடைய வினை என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மறுபடியும் ஸ்டுடியோக்காரருக்கு வந்தாள்:

"வரன் படங்களில் பல் கறையை அழித்துத் தரும் ஒரு ஸ்டுடியோக்காரர், தன் தங்கையின் படத்திலும் அதையே செய்ய நேரும்போது மனம் உடைகிறார்."

பெரிய முன்னேற்றம். ஆள் இருக்கிறார், தொழில் இருக்கிறது, இன்றைய நாள் ஏன் மற்ற நாள் போல இல்லை என்பதும் இருக்கிறது. ஆனால் கடைசி வினையைப் பாருங்கள்: 'மனம் உடைகிறார்'. இதை எப்படி எடுப்பது? நடிகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பின்னால் வயலின் ஓடும். உணர்கிறார், தவிக்கிறார், புரிந்துகொள்கிறார் என்று முடியும் எல்லா லாக்லைனும் படப்பிடிப்பு நாளில் இந்த ஜன்னலில்தான் வந்து நிற்கும். ஒரு சோதனை சொல்கிறேன். கடைசி வினையை ஒலி இல்லாமல், ஒரே ஷாட்டில், நடிப்புத் தெரியாத நண்பரை வைத்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒளிக்கிறார், கிழிக்கிறார், திருடுகிறார் என்றால் முடியும்.

அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சுலபம்: தங்கைக்கு நல்ல இடம் அமைய வேண்டும். அதற்கு அவர் செய்யக்கூடியது கறையை அழிப்பது. அவருக்கு அது ஐந்து நிமிட வேலை, யாரும் தடுக்கவில்லை. தடை இல்லாததால்தான் அவர் சும்மா மனம் உடைந்துகொண்டிருக்கிறார்.

"யாருண்ணா தடுப்பாங்க? சமூகமா?"

சமூகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஐந்து நிமிடப் படத்தில் சமூகத்துக்கு நாற்காலி போட முடியாது. தடுப்பவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் தடுத்தால் கதை ஸ்டுடியோவை விட்டு வெளியே போய்விடுகிறது. அப்பா தடுத்தால் அப்பாவின் கதையாகிவிடுகிறது. கடைசியில் அவளே சொன்னாள்: "தங்கச்சியே வேண்டாம்னு சொன்னா?"

அங்கேதான் கதை பிறந்தது. தங்கை, 'என்னை இப்படியே பாத்துட்டு வரட்டும், இல்லன்னா வேண்டாம்' என்கிறாள். அண்ணனுக்கு அவள்மேல் பாசம், அவளுக்கும் அண்ணன்மேல் பாசம். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்படி அமைந்தால் வில்லனைத் தேடி அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி: நேரம். 'இப்பல்லாம் வாட்ஸப்லயே அனுப்பிடறாங்களே' என்று அவள் யோசித்தாள். உண்மைதான். ஆனால் வாட்ஸப்பில் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால் அவசரம் இல்லை. தரகர் ஜாதகத்தோடு சேர்த்துப் பிரின்ட் வாங்கிப்போக ஏழு மணிக்கு நேரில் வருகிறார் என்று வைத்தால், சுவரில் ஒரு கடிகாரம் போதும், பார்க்கிறவருக்குத் தானாகப் பதற்றம் வந்துவிடும்.

வாக்கியத்தைக் கட்டுவது

இப்போது துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆள், அவருடைய தொழிலோடு. அப்புறம் தடை. அப்புறம் நேரம். கடைசியில் அவர் செய்யும் வேலை. எங்களுக்கு வந்தது:

"வரன் பார்க்க அனுப்பும் படங்களில் பல் கறையை அழித்துத் தரும் ஸ்டுடியோக்காரர், தன் படம் கறையோடுதான் போக வேண்டும் என்று நிற்கும் தங்கைக்குத் தெரியாமல், தரகர் வருவதற்குள் அதையும் திருத்தப் பார்க்கிறார்."

எண்ணிப் பார்த்தால் 23 சொற்கள். தமிழில் வேற்றுமையும் ஒட்டும் சொல்லோடு சேர்ந்துவிடுவதால் 25 சொற்களுக்குள் எதையும் அடக்கலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் உள்ளே முன்கதை புகுந்திருக்கும்.

முன்கதை புகும் வழியும் தமிழில் தனியானது. நமக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் கைவந்த கலை. 'சிறு வயதில் தந்தையை இழந்து, தாயின் கூலியில் படித்து, பெங்களூரில் வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கும் இளைஞன்' என்று மூச்சு விடாமல் ஒருவர் தலையில் அடுக்கலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் படிக்கிறவர் வினைக்கு வருவதற்குள் ஆளையே மறந்துவிடுவார். நாயகனுக்கு முன்னால் ஒரே ஒரு அடைமொழித் தொடர். அது இன்றைய சிக்கலுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். 'பல் கறையை அழித்துத் தரும்' என்பதை எடுத்தால் கதை விழுந்துவிடும், அதனால் அது இருக்கலாம். தந்தையை இழந்ததை எடுத்தால் எதுவும் விழாது.

பெயர் போடாதீர்கள். முருகன் என்றோ செல்வி என்றோ சொன்னால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, ஸ்டுடியோக்காரர் என்றால் அறையே தெரியும். ஊர்ப் பெயர் வேண்டுமா என்று அவள் கேட்டாள். இந்தக் கதைக்கு வேண்டாம் என்றேன். தர்மபுரி என்பது பல் கறையிலேயே இருக்கிறது.

முடிவை லாக்லைனில் சொல்வதா? வேண்டாம். 'திருத்தப் பார்க்கிறார்' என்று முயற்சியில் நிறுத்துங்கள், முடிந்ததா இல்லையா என்பது கதைச் சுருக்கத்தில் வரட்டும். ஆனால் உங்களுக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் கேட்டால், 'அது சஸ்பென்ஸ் சார்' என்று சொல்லாமல் நேராகப் பதில் சொல்லுங்கள்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை காதுக்கு. லாக்லைனை ஒருவருக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். தாளைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு, 'நான் சொன்ன கதை என்ன?' என்று கேளுங்கள். நாங்கள் டீக்கடை அக்காவிடம் சொன்னோம். டீ குடித்து முடித்த பிறகு கேட்டதற்கு அவர், "ஃபோட்டோகாரன், தங்கச்சி வேண்டாம்னாலும் பல்லை வெள்ளையடிக்கிறான். தரகர் வந்துருவாரு" என்றார். ஆள், தடை, நேரம், வேலை எல்லாம் வந்துவிட்டன. ஏதாவது ஒன்றை விட்டிருந்தால், வாக்கியத்தில் அந்த இடம்தான் மங்கல் என்று அர்த்தம். அவர் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சில நேரம் நம்முடையதைவிட அது நன்றாகவும் இருக்கும்.

இரண்டாவது, கைக்கு. லாக்லைனை வைத்தே லொகேஷன், ஆட்கள், பொருட்கள் எண்ணுங்கள். இந்தக் கதைக்கு ஒரு ஸ்டுடியோ, மூன்று பேர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு மாலை நேரம். ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.

இதே வகுப்பில் இன்னொரு பையன் ஒகேனக்கல் பரிசல் ஓட்டி பற்றி எழுதியிருந்தான்: 'பரிசல் ஓட்டி ஒருவர், வெள்ளத்தில் சிக்கிய சுற்றுலாக் குடும்பத்தைத் தடையை மீறிக் காப்பாற்றுகிறார்.' லாக்லைனாக அது சரியாகவே இருக்கிறது, கடைசி வினையும் உறுதி. ஆனால் எடுக்க முடியாது. நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும், அந்த நேரத்தில் கேமராவோடு ஆற்றில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. ஆற்றை விட்டுக் கரைக்கு வரச் சொன்னேன். தடை போட்ட நாளில் பரிசல் ஓட்டி என்ன செய்வார்? இப்போது அவன் எழுதியிருப்பது: 'பரிசலுக்குத் தடை விதித்த நாளில், மகளின் தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் புரட்ட வேண்டிய பரிசல் ஓட்டி, அவள் பள்ளி விட்டு வருவதற்குள் தன் பரிசலை விற்கக் கிளம்புகிறார்.' தண்ணீர் பின்னணியில் தெரிந்தால் போதும். கவிழ்த்து வைத்த பரிசல் ஒன்றும் இரண்டு நடிகர்களும் இருந்தால் எடுத்துவிடலாம்.

மூன்றாவது சோதனை மனிதர்களுக்கு. கரு யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்ததோ அவரிடம் கேட்டீர்களா? அந்த மாணவியிடம், "உங்க பெரியப்பா பொண்ணு இதைப் பாத்தா?" என்றேன். பேசாமல் இருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அக்கா, 'எடு, ஆனா என் ஃபோட்டோவைக் காட்டாத' என்று சொல்லியிருக்கிறார். அதோடு விஷயம் தெளிவாகிவிட்டது. வீட்டுப் படங்களையோ ஸ்டுடியோவில் மாட்டியிருக்கும் வாடிக்கையாளர் படங்களையோ அனுமதி இல்லாமல் ஷாட்டில் வைக்கக் கூடாது. கறைப் பல் உள்ள தோழியை நடிக்கக் கூப்பிட்டாலும், கதையை முழுதாகச் சொல்லி, மறுக்க வாய்ப்புக் கொடுத்துக் கேட்க வேண்டும். இதெல்லாம் லாக்லைன் வேலையா என்று தோன்றலாம். யாரைப் பற்றிய கதை என்று முதன்முதலில் தெளிவாகத் தெரிகிற இடம் அந்த வாக்கியம்தான், அதனால் கேட்க வேண்டிய நேரமும் அதுவே.

எழுதிய பிறகு மாறினால்

ஸ்கிரிப்ட் எழுதும்போது லாக்லைன் மாறலாம், மாறினால் தவறில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். அவள் முதல் டிராஃப்ட் ஆறு பக்கம் வந்தது. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு, அப்படியென்றால் ஒரு நிமிடம் அதிகம். முதல் ஒன்றரைப் பக்கம் ஊர்க் கிணறு, குடம் தூக்கும் பெண்கள், கலெக்டர் ஆபீஸ் மனு. லாக்லைனில் இவை எதுவும் இல்லை. 'விழிப்புணர்வுப் படம்' பின்வாசல் வழியாகத் திரும்ப வந்திருந்தது. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பல் மெல்ல வெளுப்பதிலிருந்து தொடங்கினாள். நாலரைப் பக்கத்தில் நின்றது.

இன்னொரு மாற்றமும் வந்தது. எழுத எழுத அண்ணன் எந்தக் காட்சியிலும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்று கவனித்தாள். அவருக்கும் கறை இருக்கிறது, அவரும் அதே தண்ணீர் குடித்து வளர்ந்தவர். இதை லாக்லைனில் சேர்க்கட்டுமா என்று போனில் கேட்டாள். சேர்த்தால் 'கறைப் பல்லோடு' என்று இன்னொரு அடைமொழி ஏறும், பார்வையாளர் படத்தில் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் முன்பே தெரிந்துவிடும். வேண்டாம், அது படத்துக்குள் இருக்கட்டும் என்றேன். மறுநாளே கட்டத்தில் நீல மையில் எழுதிக் கொடுத்திருந்த அந்த 23 சொற்கள் அப்படியே நின்றன.